சாய்ந்த தேவைக்கு எந்தப் பரவல்? நார்மல், காமா, நெகட்டிவ் பைனாமியல்: ஒரு உதிரிபாகத்தின் கணக்கு

கேள்வி: எங்கள் கிடங்கில் பல உதிரிபாகங்கள் பெரும்பாலான வாரங்களில் 0, 1, 2 என்றுதான் போகும். திடீரென்று ஒரு வாரம் 8 அல்லது 10 போய்விடும். பாதுகாப்பு இருப்பை 99% சேவை நிலைக்கு z × திட்டவிலக்கம் என்று போட்டிருக்கிறோம். ஆனாலும் 100 முறைக்கு ஒரு முறை என்பதைவிட அதிகமாகவே சரக்கு தீர்ந்துபோகிறது. காமா பரவல், நெகட்டிவ் பைனாமியல் பரவல் என்றெல்லாம் சொல்கிறார்கள். எதை எப்போது எடுப்பது?

பதில்:

நீங்கள் சொல்லும் வகைப் பொருளுக்கு நெகட்டிவ் பைனாமியல். தேவை நூற்றுக்கணக்கில் ஓடும் பொருளுக்கும், லிட்டர், கிலோ என்று அளக்கும் பொருளுக்கும் காமா. லீட் டைம் நீண்டு, அந்தக் காலத்தின் மொத்தத் தேவை சராசரியைச் சுற்றி ஓரளவு சமச்சீராக அமைந்துவிட்டால் நார்மலே போதும். இந்த மூன்றுக்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்பதை ஒரே ஒரு பொருளை எடுத்து முழுக்கக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். அதைச் செய்து காட்டுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பரவலை வாரத் தேவைக்குப் பொருத்துவதில்லை. இன்று போடும் ஆர்டர் வந்து சேரும் வரை மட்டுமல்ல, அடுத்து ஆர்டர் போட வாய்ப்புக் கிடைத்து அந்தச் சரக்கும் வந்து சேரும் வரை கையிருப்பு தாங்க வேண்டும். வாரம் ஒரு முறை இருப்பைப் பார்த்து ஆர்டர் போடுகிறீர்கள், லீட் டைம் 2 வாரம் என்றால், தாங்க வேண்டிய காலம் 3 வாரம். இதைக் காப்புக் காலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 வாரத்தின் மொத்தத் தேவை எப்படிப் பரவியிருக்கிறது என்பதே நம் கேள்வி. கையிருப்பும் வரவிருக்கும் ஆர்டரும் சேர்ந்து எந்த எண்ணுக்கு வரும்படி ஒவ்வொரு வாரமும் ஆர்டர் போடுகிறோமோ, அதை நிரப்பு மட்டம் என்று சொல்கிறேன். நிரப்பு மட்டத்திலிருந்து 3 வாரச் சராசரித் தேவையைக் கழித்தால் கிடைப்பது பாதுகாப்பு இருப்பு.

கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட ஒரு பொருளின் 52 வாரத் தேவை இது: 18 வாரம் 0, 11 வாரம் 1, 8 வாரம் 2, 5 வாரம் 3, 3 வாரம் 4, 1 வாரம் 5, 3 வாரம் 6. மீதி மூன்று வாரங்களில் 8, 9, 10. மொத்தம் 104. ஆக வாரச் சராசரி 2. வேரியன்ஸ், அதாவது திட்டவிலக்கத்தின் வர்க்கம், கணக்கிட்டால் சரியாக 6 வருகிறது.

இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வேரியன்ஸ் சராசரியைப் போல மூன்று மடங்கு. வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல், மாறாத வேகத்தில் வந்து ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் தேவை பாய்சான் பரவலில் விழும். அதில் வேரியன்ஸும் சராசரியும் ஏறக்குறைய சமமாக இருக்கும். சராசரி 2 உள்ள பாய்சானில் 52 வாரத்தில் ஏறத்தாழ 7 வாரம்தான் பூஜ்யமாக இருக்கும். நம்மிடம் 18. அதில் ஒரு வாரத் தேவை 8-ஐத் தொடுவது ஆயிரத்தில் ஒன்று. நம்மிடம் ஒரே ஆண்டில் மூன்று. பூஜ்யங்களும் அதிகம், பெரிய வாரங்களும் அதிகம், நடுவில் மெலிவு. சாய்ந்த தேவையின் அடையாளமே இதுதான்.

இனி 3 வாரத்துக்கு வருவோம். வாரங்கள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் சராசரியும் வேரியன்ஸும் நேராகக் கூடும். சராசரி 6, வேரியன்ஸ் 18, திட்டவிலக்கம் 4.24.

நார்மல் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. 99%-க்கு z = 2.326. 6 + 2.326 × 4.24 = 15.87. மேலே முழுமையாக்கினால் நிரப்பு மட்டம் 16, பாதுகாப்பு இருப்பு 10. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதே நார்மல் பரவலிடம் வேறொரு கேள்வி கேளுங்கள்: 3 வாரத் தேவை பூஜ்யத்துக்குக் கீழே போக எவ்வளவு வாய்ப்பு? பூஜ்யம் சராசரியிலிருந்து 1.41 திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது. ஆகவே கிட்டத்தட்ட 8% என்று பதில் வரும். உண்மையில் அந்த வாய்ப்பு சுழியம். நடக்கவே முடியாத பகுதியில் நார்மல் வைத்திருக்கும் அந்த 8% எடை எங்கிருந்தோ எடுக்கப்பட்டதுதான். சராசரியும் திட்டவிலக்கமும் மாறாமல் இருக்க வேண்டுமென்றால், இடப்பக்கம் நீண்ட அளவுக்கு வலப்பக்க வால் மெலிந்தாக வேண்டும். நமக்கு வேண்டியதோ வலப்பக்க வால் மட்டுமே.

காமாவும் நெகட்டிவ் பைனாமியலும் பூஜ்யத்துக்குக் கீழே போவதில்லை. இரண்டையும் அதே சராசரி, அதே வேரியன்ஸைக் கொண்டே பொருத்தலாம். காமாவுக்கு இரண்டு அளபுருக்கள்: வடிவம் = μ²/σ² = 36/18 = 2; அளவு = σ²/μ = 18/6 = 3. நெகட்டிவ் பைனாமியலுக்கும் இரண்டு: p = μ/σ² = 6/18 = 1/3; r = μ²/(σ² − μ) = 36/12 = 3. முழு எண்களாக விழும்படி வேண்டுமென்றேதான் எடுத்துக்காட்டை அமைத்தேன். கையால் சரிபார்க்க வசதியாக இருக்கும்.

பைதானில் மூன்றையும் இப்படிக் கேட்கலாம்:

```python
from scipy.stats import norm, gamma, nbinom
m, v, a = 6, 18, 0.99
print(norm.ppf(a, m, v**0.5))          # 15.87
print(gamma.ppf(a, m*m/v, scale=v/m))  # 19.92
print(nbinom.ppf(a, m*m/(v-m), m/v))   # 19.0
```

வேறு சில சேவை நிலைகளுக்கும் கணக்கிட்டு, முழு எண்ணாக்கிய நிரப்பு மட்டங்கள் இவை:

| சேவை நிலை | நார்மல் | காமா | நெகட்டிவ் பைனாமியல் |
|---|---|---|---|
| 80% | 10 | 9 | 9 |
| 90% | 12 | 12 | 12 |
| 95% | 13 | 15 | 14 |
| 99% | 16 | 20 | 19 |

பலரும் கவனிக்காத செய்தி இந்த அட்டவணையின் முதல் வரிசையில் இருக்கிறது. 80%-இல் நார்மல் கேட்பது ஒன்று கூடுதல். 90%-இல் மூன்றும் ஒரே எண்ணுக்கு வருகின்றன. அதற்கு மேலே போகப் போக நார்மல் பின்தங்குகிறது. அதாவது நார்மல் எல்லா இடத்திலும் குறைவாகச் சொல்வதில்லை. தாழ்ந்த சேவை நிலையில் சரக்கைத் தேவையில்லாமல் குவிக்கிறது, உயர்ந்த சேவை நிலையில் கைவிடுகிறது. அதனால் "நார்மலில் வரும் எண்ணை 20% கூட்டிவிடு" என்ற வழக்கமான ஒட்டு வேலை சரிவராது. ஒரு சேவை நிலைக்குப் பொருந்தும் கூட்டல் இன்னொன்றுக்குப் பொருந்தாது. எந்தப் பரவல் என்ற கேள்வியே 95%-க்கு மேலே போகும்போதுதான் பணமாகவும் பற்றாக்குறையாகவும் உறைக்கிறது. உங்கள் இலக்கு 90% என்றால் இந்தப் பொருளுக்கு நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

99%-இல் 16-க்கும் 19-க்கும் இருப்பது வெறும் 3 அலகு என்று தோன்றலாம். தேவை உண்மையில் நெகட்டிவ் பைனாமியல்தான் என்று கொண்டால், நிரப்பு மட்டம் 16 இருக்கும்போது தேவை அதைத் தாண்டும் வாய்ப்பு 2.4%. நீங்கள் 1% என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். "100 முறைக்கு ஒன்றைவிட அதிகம்" என்ற உங்கள் குறைக்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். எத்தனை முறை தீர்ந்தது என்பதைவிட எத்தனை அலகு கொடுக்க முடியாமல் போனது என்று பார்த்தால் பிழை இன்னும் வளரும். 95%-க்கு நார்மல் தந்த நிரப்பு மட்டம் 13-இல், காப்புக் காலத்தில் எதிர்பார்க்கும் பற்றாக்குறை 0.09 அலகு என்கிறது நார்மல். நெகட்டிவ் பைனாமியல் 0.22 என்கிறது. இரண்டரை மடங்கு. வால் தடித்திருந்தால் தீர்ந்துபோகும் முறைகள் கூடுவதோடு நிற்காது; தீரும்போது பெரிய அளவில் தீரும். தேவையில் எத்தனை சதவீதத்தைக் கையிருப்பிலிருந்தே கொடுத்தோம் என்ற அளவுகோலை வைத்து இலக்கு நிர்ணயிப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

சரி, காமாவா நெகட்டிவ் பைனாமியலா? சூத்திரத்தைவிட, தேவை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நெகட்டிவ் பைனாமியல் இரண்டு வழிகளில் பிறக்கிறது, இரண்டுமே கிடங்கில் நாம் அன்றாடம் பார்ப்பவைதான். முதல் வழி: ஒவ்வொரு காலத்திலும் தேவை பாய்சான்தான், ஆனால் அதன் வேகம் நிலையாக இல்லை, சில காலம் சூடு, சில காலம் மந்தம். அந்த வேகம் காமா பரவலில் ஏறி இறங்கினால், மொத்தத்தில் கிடைப்பது நெகட்டிவ் பைனாமியல். 1920-இல் கிரீன்வுட், யூல் இருவரும் தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்தபோது இந்த வழியில்தான் அதை அடைந்தார்கள்: எல்லோருக்கும் விபத்து நேரும் வாய்ப்பு ஒன்றல்ல என்று வைத்தவுடன் எண்ணிக்கைகள் பொருந்தின. இரண்டாம் வழி: ஆர்டர்கள் பாய்சானாக வருகின்றன, ஆனால் ஒவ்வோர் ஆர்டரும் ஒன்றிரண்டாகவோ, சில நேரம் ஐந்தாறாகவோ இருக்கிறது. ஆர்டர் அளவு மடக்கைத் தொடர் பரவலில் இருந்தால் மொத்தம் மறுபடியும் நெகட்டிவ் பைனாமியல்தான்.

காமா என்பது அந்த முதல் கதையில் வேகம் மட்டும். எண்ணிக்கைக்கே உரிய பாய்சான் ஆட்டம் அதில் இல்லை. அதனால் அது தொடர்ச்சியான அளவு. "சரியாகப் பூஜ்யம்" என்பதற்கு அது எந்த எடையும் தருவதில்லை. நம் 3 வாரத் தேவை முற்றிலும் பூஜ்யமாக இருக்கும் வாய்ப்பு நெகட்டிவ் பைனாமியலில் 1/27, கிட்டத்தட்ட 4%. காமாவில் சுழியம். அந்த எடையைக் காமா வேறெங்கோ வைத்தாக வேண்டும். ஒரே சராசரியும் வேரியன்ஸும் இருக்கும்போது காமாவின் கோட்டம், அதாவது சாய்வின் அளவு, சற்று அதிகம்: இங்கே காமாவுக்கு 1.41, நெகட்டிவ் பைனாமியலுக்கு 1.18. அட்டவணையில் 19-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சராசரி உயர்ந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். இதே அளவு சாய்வோடு, காப்புக் காலச் சராசரி 6-க்குப் பதில் 500 என்று வையுங்கள். நார்மல் 99%-க்கு 1323 சொல்லும். காமா 1660 சொல்லும். நெகட்டிவ் பைனாமியல் காமாவை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் அவ்வளவு பெரிய எண்ணில் பாய்சான் ஆட்டம் வேகத்தின் ஆட்டத்துக்கு முன் ஒன்றுமில்லை. அங்கே காமா எடுப்பதே வசதி: கணக்கு இலகு, லிட்டருக்கும் கிலோவுக்கும் பொருந்தும், வேரியன்ஸ் சராசரியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நெகட்டிவ் பைனாமியலுக்கு அந்த நிபந்தனை உண்டு. வேரியன்ஸ் சராசரிக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் r-இன் சூத்திரத்தில் கீழே பூஜ்யமோ எதிர் எண்ணோ வந்துவிடும். எண்ணி விற்கும் பொருளில் அப்படி நேர்ந்தால் பாய்சான் எடுங்கள். சாய்வைப் பற்றிய கவலையே அங்கே பெரிதாக இல்லை.

லாக்நார்மலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். இதே சராசரி, வேரியன்ஸுக்கு அது 99%-இல் 22 கேட்கும். அதன் வால் மிகவும் தடிமன். சாதாரண உதிரிபாகத்துக்கு நான் அதை எடுப்பதில்லை. இரண்டு அளபுருவை மட்டும் தெரிந்துகொண்டு அவ்வளவு தடித்த வாலுக்குப் பணம் கொடுக்க வேறு சான்று வேண்டும்.

நார்மல் எப்போது போதும்? நம் பொருளுக்கே லீட் டைம் நீண்டு, காப்புக் காலம் 20 வாரம் ஆகிறது என்று வையுங்கள். சராசரி 40, வேரியன்ஸ் 120, திட்டவிலக்கம் ஏறத்தாழ 11. வாரங்களைக் கூட்டக் கூட்டச் சாய்வு கரைகிறது. நார்மல் 66, நெகட்டிவ் பைனாமியல் சுமார் 69, காமா 70. வித்தியாசம் முற்றாகப் போகவில்லை. ஆனால் இதற்குள் சராசரியைக் கணிப்பதில் வரும் பிழையே இதைவிடப் பெரிதாகிவிடும். திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் 3 வாரத்துக்கு 0.71, 20 வாரத்துக்கு 0.27. 0.5-ஐத் தாண்டினால் 95%-க்கு மேற்பட்ட சேவை நிலைக்கு நான் நார்மலைத் தொடுவதில்லை. 0.3-க்குக் கீழே இருந்தால் விவாதத்துக்கு நேரம் செலவிடுவதில்லை. நடுவில் இருந்தால் நெகட்டிவ் பைனாமியலைப் போட்டுவிடுகிறேன், அதனால் ஒரு நட்டமும் இல்லை. இந்த எல்லைகள் என் அனுபவத்தில் வந்தவை, தேற்றம் அல்ல. ஆனால் விகிதத்தைக் காப்புக் காலத்துக்குத்தான் பார்க்க வேண்டும். வார விகிதத்தைப் பார்த்து (நம் பொருளுக்கு அது 1.22) "ஐயோ" என்று முடிவெடுப்பது நான் அடிக்கடி காணும் தவறு.

அடுத்து, பரவலைவிட முக்கியமான ஒன்று. 18 என்ற வேரியன்ஸ் சரிதானா?

வாரங்கள் தொடர்பற்றவை என்று கொண்டு 6 × 3 = 18 என்று போட்டோம். ஒரு பெரிய வாரத்தைத் தொடர்ந்து இன்னொரு பெரிய வாரம் வரும் பழக்கம் பொருளுக்கு இருந்தால், 3 வார மொத்தத்தின் வேரியன்ஸ் 18-ஐவிட அதிகமாக இருக்கும். சரிபார்ப்பது சுலபம்: மூன்று மூன்று வாரமாகக் கூட்டி, அந்த மொத்தங்களின் வேரியன்ஸை நேரடியாக எடுத்து 18-உடன் ஒப்பிடுங்கள். ஒரே பொருளில் இது ஆடும். ஒரே வகைப் பொருள்கள் பலவற்றுக்கு விகிதத்தைச் சராசரி எடுத்தால் தெளிவு கிடைக்கும்.

லீட் டைமும் நிலையாக இருக்காது. அதன் திட்டவிலக்கம் 1 வாரம் என்றால், வாரச் சராசரியின் வர்க்கம் × லீட் டைம் வேரியன்ஸ், அதாவது 4 × 1 = 4, கூட வேண்டும். வேரியன்ஸ் 22 ஆகும். p = 6/22, r = 36/16 = 2.25. நிரப்பு மட்டம் 19-இலிருந்து 21 ஆகிறது. தேவையின் சாய்வை எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும், இந்த 4-ஐ விட்டுவிட்டால் 2 அலகு குறைவாகவே நிற்பீர்கள். காமாவா நெகட்டிவ் பைனாமியலா என்ற கேள்வியின் விலை 1 அலகுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, அந்த 10 என்ற வாரம். அந்த ஒரு வாரத்தைத் தரவிலிருந்து எடுத்துவிட்டால் வார வேரியன்ஸ் 6-இலிருந்து 4.8-க்கு இறங்குகிறது, 99% நிரப்பு மட்டம் சுமார் 17 ஆகிறது. ஓர் ஆண்டில் ஒரே ஒரு வாரம் 2 அலகை நகர்த்துகிறது. ஆகவே ஒவ்வொரு பெரிய வாரத்தையும் தனித்தனியே எடுத்து, அது என்ன என்று ஆர்டர் பதிவில் போய்ப் பாருங்கள். வழக்கமான வாடிக்கையாளர்கள் நான்கைந்து பேர் ஒரே வாரத்தில் வந்ததால் 10 என்றால் அது இருக்கட்டும். வாலின் உண்மையான துண்டு அது. முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிய ஒரு திட்டப் பணிக்கான ஆர்டர் என்றால் அதை எடுத்துவிடுங்கள். அதைப் பாதுகாப்பு இருப்பால் சமாளிக்க வேண்டியதில்லை, தனி ஆர்டராகவே திட்டமிடலாம். எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நீக்காதீர்கள். மூன்று திட்டவிலக்கத்துக்கு அப்பால் இருப்பதைத் தானாக வெட்டிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. சாய்ந்த தேவையில் அவை வெட்டுவது நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் வாலையேதான்.

எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு. உங்களிடம் சரக்கு அடிக்கடி தீர்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பதிவில் இருப்பது விற்பனை, தேவை அல்ல. கையில் 4 இருந்து 9 பேர் கேட்டிருந்தால் பதிவு 4 என்றே காட்டும். இப்படி வெட்டுப்படுவது பெரும்பாலும் பெரிய வாரங்களே. அதனால் சராசரியும் குறையும், வேரியன்ஸ் அதைவிட அதிகமாகக் குறையும், கணக்கு மறுபடியும் குறைவான இருப்பைச் சொல்லும், மறுபடியும் தீரும். இந்தச் சுழலை எந்தப் பரவலாலும் அவிழ்க்க முடியாது. கொடுக்க முடியாமல் போன கேட்புகளைப் பதிவு செய்யுங்கள். அது இயலாவிட்டால் இருப்பு பூஜ்யத்தைத் தொட்ட வாரங்களை விட்டுவிட்டாவது சராசரியை எடுங்கள். இரண்டாவது வழி முழுமையானதல்ல. பெரிய தேவை வந்த வாரங்களே அதிகம் விடுபடும், ஆகவே அதிலும் எண் கொஞ்சம் குறைவாகவே வரும்.

எக்செல்லில் செய்பவராக இருந்தால் ஓர் எச்சரிக்கை. காமாவுக்குச் சிக்கல் இல்லை, `=GAMMA.INV(0.99, 2, 3)` போதும். நெகட்டிவ் பைனாமியலுக்கு இருக்கும் `NEGBINOM.DIST` சார்பு r-ஐ முழு எண்ணாக வெட்டிவிடும், ஒரு வார்த்தை சொல்லாமல். மேலே கண்ட r = 2.25 அங்கே 2 ஆகிவிடும். சராசரி 6-க்குப் பதில் 5.33 என்று வைத்துக் கணக்கு நடக்கும். r 1-க்குக் குறைவாக இருந்தால், மெதுவாக நகரும் பொருள்களில் அது சாதாரணம், `#NUM!` பிழை வரும். இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. தேவை k-க்குள் அடங்கும் வாய்ப்பை பீட்டா பரவலிலிருந்து அப்படியே பெறலாம், r முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை:

```
=BETA.DIST(p, r, k+1, TRUE)
```

p = 1/3, r = 3, k = 19 போட்டால் 0.9907 வரும்; k = 18 போட்டால் 0.9872. ஒரு நெடுவரிசையில் k-ஐ 0, 1, 2 என்று இறக்கி, முதன்முதலில் 0.99-ஐத் தொடும் k-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே நிரப்பு மட்டம். ஆர் மொழியில் `qnbinom(0.99, size=3, mu=6)` என்று சராசரியையே நேராகக் கொடுக்கலாம். P-யை எந்தப் பக்கம் எடுப்பது என்ற குழப்பம் அதில் இல்லை.

கடைசியாக, தேர்ந்தெடுத்த பரவல் சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பொருளின் ஓராண்டுத் தரவைக் கொண்டு 99%-ஐச் சோதிக்கவே முடியாது. 52 வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியாத 3 வாரத் துண்டுகள் 17-தான். நிரப்பு மட்டத்தைத் தாண்டும் துண்டுகள் அதில் 0.17 என்றுதான் எதிர்பார்க்கலாம். ஒன்றுகூடத் தாண்டவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. காமாவையும் நெகட்டிவ் பைனாமியலையும் பொருந்தும் அளவால் ஒப்பிடுகிறேன் என்று காமாவின் அடர்த்தியை நேராக எடுத்து ஒப்பிடுவதும் தவறு. ஒன்று அடர்த்தி, மற்றது நிகழ்தகவு. காமாவை k − 0.5 முதல் k + 0.5 வரையிலான துண்டுகளாக்கி, பூஜ்யத்துக்கு 0 முதல் 0.5 வரை எடுத்து, அதன் பிறகே ஒப்பிட வேண்டும்.

நான் செய்வது இது. ஒத்த தன்மையுள்ள பொருள்கள் 200 எடுத்துக்கொள்வேன். முதல் ஆண்டுத் தரவில் ஒவ்வொன்றுக்கும் பரவலைப் பொருத்தி 99% நிரப்பு மட்டத்தை எழுதிவைப்பேன். இரண்டாம் ஆண்டில் 200 × 17 = 3400 துண்டுகள் கிடைக்கும். அதில் எத்தனை தன் மட்டத்தைத் தாண்டின என்று எண்ணுவேன். 99% உண்மையானால் 34-ஐ ஒட்டி வர வேண்டும். முழு எண்ணுக்கு மேலேற்றுவதால் சற்றுக் குறையலாம். எல்லாப் பொருளும் நம் எடுத்துக்காட்டைப் போல இருந்து, நார்மலை வைத்திருந்தால் 80-ஐச் சுற்றி வரும். ஓராண்டுத் தரவிலிருந்து கணித்த எண்கள் என்பதால் நெகட்டிவ் பைனாமியலும் 34-இல் சரியாக நிற்காது, சற்று மேலேதான் இருக்கும். 45, 50 வந்தால் நான் கலங்குவதில்லை.

அதையும் தாண்டினால், தாண்டிய துண்டுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரே சில வாரங்களில் பல பொருள்களும் சேர்ந்து தாண்டியிருந்தால், விளம்பரமோ பருவமோ போல எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கும் காரணம் இருக்கிறது. அதைக் கணிப்பில் சேர்க்க வேண்டும். சில பொருள்களில் மட்டும் திரும்பத் திரும்பத் தாண்டியிருந்தால் அவற்றின் சராசரி உயர்ந்துவிட்டது, பழைய 6 இப்போது 8 ஆகியிருக்கும். எல்லாப் பொருளிலும் எல்லா வாரங்களிலும் தூவினாற்போல் பரவியிருந்தால் மட்டுமே குறை பரவலின் வாலில் இருக்கிறது. அப்போது நெகட்டிவ் பைனாமியலிலிருந்து இன்னும் தடித்த வாலுக்குப் போகலாம், அல்லது 200 பொருள்களின் பழைய துண்டுகளையும் அதனதன் சராசரியால் வகுத்து ஒன்றாகக் குவித்து, 99% புள்ளியை அந்தக் குவியலிலிருந்தே நேரடியாக எடுக்கலாம்.